பில் போடும் நேரத்துக் கூடுதல் வாரண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் ஒரு சர்வீஸ் சென்டரில், வாரண்டி கிளெய்ம்களைச் சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். அதனால் உறவினரும் நண்பரும் புதுப்பொருள் வாங்கப் போனால், கவுன்ட்டரில் நின்றபடியே என்னை அழைத்து ஒரே ஐயங்களைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். விலைகள் எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், எல்லாக் கணக்கிலும் பொருளின் விலையை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கேற்பச் சொல்லியிருக்கிறேன்.

கம்பெனி வாரண்டி ஏற்கெனவே இருக்கே, இவங்க தனியா விக்கிறது என்ன?

தயாரிப்பாளர் தரும் வாரண்டி பொருளின் விலைக்குள்ளேயே அடங்கியது. தயாரிப்பில் குறை இருந்தால், குறிப்பிட்ட காலம்வரை தன் செலவில் சரிசெய்து தருவதாக அவர் அளிக்கும் உறுதி அது. கவுன்ட்டரில் விற்கப்படுவது அதற்கு அப்பாற்பட்ட தனி ஒப்பந்தம். அதைத் தருபவர் தயாரிப்பாளராக இருக்கலாம், கடையாக இருக்கலாம், இருவருக்கும் தொடர்பில்லாத மூன்றாவது நிறுவனமாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அந்த மூன்றாவது வகைதான்.

இந்த ஒப்பந்தங்களில் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, கம்பெனி வாரண்டி முடிந்தபின் அதே வகைப் பழுதுகளுக்குக் காலத்தை நீட்டுவது. இதைத்தான் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்கிறோம். மற்றொன்று, கீழே விழுதல், தண்ணீர் படுதல் போன்று கம்பெனி வாரண்டி தொடவே தொடாத விபத்துச் சேதங்களை ஏற்பது. முதலாவது காலத்தை விற்கிறது, இரண்டாவது புதிய ஆபத்து ஒன்றை ஏற்றுக்கொள்கிறது. விற்பவர் இரண்டையும் ‘புரொடெக்‌ஷன் பிளான்’ என்ற ஒரே பெயரில் சொல்வார். கையிலிருக்கும் தாள் எந்த வகை என்று தெரியாமல் அதன் மதிப்பை எடைபோட முடியாது.

அஞ்சு வருஷம்னு போட்டிருக்கு. அப்போ அஞ்சு வருஷத்துக்குத்தானே காசு குடுக்கிறேன்?

காசு கொடுப்பது உண்மையில் எத்தனை ஆண்டுகளுக்கு என்பது, அந்த ஐந்து ஆண்டுகள் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. பில் தேதியிலிருந்து எண்ணும் ஒப்பந்தங்கள் நிறைய உண்டு. கம்பெனி வாரண்டி 2 ஆண்டுகள் என்றால், நீங்கள் புதிதாகப் பெறுவது 3 ஆண்டுகள்தான். முதல் 2 ஆண்டுகளில் வரும் பழுதைத் தயாரிப்பாளரே பார்த்துக்கொள்வார். கூடுதல் ஒப்பந்தம் அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. விபத்துச் சேதத்தையும் ஏற்கும் வகையாக இருந்தால் மட்டுமே அந்தக் காலத்துக்கும் பயன் உண்டு.

இதோடு நாட்டின் சட்டம் தானாகவே தரும் உரிமையையும் கழித்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில், பொருள் கைக்கு வந்ததிலிருந்து குறைந்தது 2 ஆண்டுகளுக்கு அதன் குறைகளுக்கு விற்றவரே சட்டப்படி பொறுப்பு. முதல் ஆண்டில் வெளிப்படும் குறை, பொருளைத் தரும்போதே இருந்தது என்று கருதப்படுகிறது. இத்தகைய சட்டம் உள்ள இடத்தில் ஓராண்டு கம்பெனி வாரண்டிக்கு மேல் இரண்டாம் ஆண்டை மட்டும் விலைக்கு வாங்குபவர், பெரும்பாலும் தமக்கு ஏற்கெனவே உரியதற்கே பணம் கொடுக்கிறார்.

கடைக்காரர் இதை இவ்வளவு வற்புறுத்துறாரே, அவருக்கு என்ன லாபம்?

பொருளின் மீது கிடைக்கும் லாபத்தைவிட, இந்த ஒப்பந்தத்தின் மீது கிடைக்கும் லாப விகிதம் மிகவும் அதிகம். பொருளின் விலையைப் பத்துக் கடைகளில் ஒப்பிட்டுவிட்டு வரும் வாடிக்கையாளர், இந்த ஒப்பந்தத்தின் விலையை எங்கும் ஒப்பிடுவதில்லை. வாங்கும் முடிவை எடுத்தபின், பில் போடும் அந்தச் சில நிமிடங்களில்தான் அது அவர் முன் வைக்கப்படுகிறது. போட்டி இல்லாத இடத்தில் விலை உயர்வது இயல்பு.

வசூலான தொகையில் எவ்வளவு, கிளெய்ம் கேட்டவர்களுக்குத் திரும்பிப் போனது என்ற விகிதம்தான் இதை அளக்கும் கோல். பில் போடும்போது சேர்த்து விற்கப்படும் காப்பீடுகளில் இந்த விகிதம் எவ்வளவு தாழ முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கார் வாங்கும்போது பிரிட்டனில் விற்கப்படும் ‘கேப்’ என்ற துணைக் காப்பீட்டில், வாடிக்கையாளர் கட்டிய பிரீமியத்தில் 6 விழுக்காடு மட்டுமே கிளெய்ம்களாகத் திரும்பியதென்றும், சில நிறுவனங்கள் பிரீமியத்தில் 70 விழுக்காடு வரை விற்பவருக்குக் கமிஷனாகக் கொடுத்தன என்றும் அந்நாட்டு நிதி நடத்தை ஆணையம் கண்டறிந்தது. அதன் தலையீட்டால் 2024இல் பல நிறுவனங்கள் அந்த விற்பனையை நிறுத்தி வைத்தன. எல்லா ஒப்பந்தமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் வற்புறுத்தலின் காரணம் இதிலிருந்து விளங்கும். விற்பனையாளரைக் குறைசொல்வதிலும் பயனில்லை. மாதத்துக்கு இத்தனை ஒப்பந்தம் விற்க வேண்டும் என்ற இலக்கு அவர் தலைமேல் இருக்கும்.

எடுக்கலாமா வேண்டாமான்னு கணக்குப் போட்டுப் பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது, ஒரே ஒரு வகுத்தல் போதும். ஒப்பந்தத்தின் விலையை, பழுது வந்தால் அது உங்களுக்கு மிச்சப்படுத்தும் தொகையால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண், அந்தப் பழுது வர எவ்வளவு வாய்ப்பு இருந்தால் கொடுத்த காசு சரியாகும் என்பதைச் சொல்லும். உண்மையான வாய்ப்பு அதைவிடக் குறைவு என்றால் ஒப்பந்தம் விலை அதிகம்.

ஒரு வாஷிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் பொருளுக்கு உரியவற்றை நீங்கள் இட்டுக்கொள்ளலாம். மெஷினின் விலை 100, கம்பெனி வாரண்டி 2 ஆண்டுகள், பில் தேதியிலிருந்து 5 ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தின் விலை 16. முன்பு சொன்னபடி, உண்மையில் வாங்குவது மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஆண்டுகளை. அந்த ஆண்டுகளில் வரக்கூடியவை பெரும்பாலும் தண்ணீர் வெளியேற்றும் பம்பு, கதவுப் பூட்டு, தண்ணீர் வரும் வால்வு போன்ற சிறு பழுதுகள். ஒவ்வொன்றுக்கும் 10 ஆகும் என்போம். கன்ட்ரோல் போர்டு போனால் 30, டிரம்மின் பேரிங் போனால் 40. சிறியவையே அதிகம் வருவதால், ஒரு பழுதின் சராசரிச் செலவு 20 என்று தாராளமாகவே வைக்கலாம்.

இப்போது 16ஐ 20ஆல் வகுத்தால் 80 விழுக்காடு. அதாவது, இதே மெஷினை வாங்கிய பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அந்த மூன்று ஆண்டுகளுக்குள் பழுது வந்தால்தான் ஒப்பந்தத்தின் விலை நியாயம். பத்துப் பேரில் மூவருக்குப் பழுது வரும் என்று வைத்தால், ஒருவருக்குச் சராசரியாக வரும் செலவு 6. அதற்கு 16 கேட்கிறார்கள். மிக மோசமான பேரிங் பழுதை மட்டும் நினைத்து அஞ்சினாலும், 16ஐ 40ஆல் வகுத்தால் 40 விழுக்காடு. ஐந்து ஆண்டுகளுக்குள் பத்தில் நான்கு மெஷின்களின் பேரிங் போகும் என்றால், வாங்கக் கூடாதது அந்த மெஷினைத்தான்.

பழுது வர வாய்ப்பு எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

துல்லியமாகத் தெரிய வேண்டிய தேவையில்லை. முந்தைய பதிலில் கிடைத்த எண் 80 என்றால், உண்மை 20ஆ 30ஆ என்ற ஐயம் முடிவை மாற்றாது. எண் 25க்கு அருகில் வரும்போதுதான் கூர்ந்து பார்க்க வேண்டும். அப்போது அதே மாடலை மூன்று, நான்கு ஆண்டுகளாக வைத்திருப்பவர்களையும், பல கம்பெனிப் பொருட்களையும் பார்க்கும் தனி மெக்கானிக்கையும் கேட்டால் போதுமான தெளிவு கிடைக்கும். எந்தப் பாகம் போகிறது, மாற்ற என்ன ஆகிறது என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

பழுதுகள் காலத்தில் எப்படிப் பரவுகின்றன என்பதை அறிந்திருப்பது அதைவிடவும் உதவும். பொருட்களின் நம்பகத்தன்மையை ஆராயும் பொறியாளர்கள் இதைக் குளியல் தொட்டி வடிவில் வரைவார்கள். தொடக்கத்தில் பழுதுகள் உயரமாக இருக்கும். சரியாகப் பற்றாத சால்டரிங், குறையுள்ள பாகம், பொருத்தியதில் பிழை போன்றவை முதல் சில மாதங்களிலேயே தலைகாட்டிவிடும். பிறகு பல ஆண்டுகளுக்குத் தொட்டியின் அடித்தளம் போலத் தாழ்ந்த சமதளம். கடைசியில் ரப்பர் இறுகி, பேரிங் தேய்ந்து, கெப்பாசிட்டர் வறண்டு மீண்டும் உயர்கிறது. தொடக்க மேட்டைக் கம்பெனி வாரண்டி மூடிக்கொள்கிறது. நெடுநாள் உழைக்கும் பொருட்களில் இறுதி மேடு, கூடுதல் ஒப்பந்தம் முடிந்தபின்தான் வருகிறது. விற்கப்படும் ஆண்டுகள் பெரும்பாலும் நடுவிலுள்ள பள்ளத்தில் விழுகின்றன.

இந்த வளைவு எல்லாப் பொருளுக்கும் ஒரே நீளமானது அன்று. ஒரு வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை ஓடும் மெஷினுக்குப் பத்தாம் ஆண்டில் வரும் தேய்மானம், நாளுக்கு மூன்று முறை ஓடும் வீட்டில் நான்காம் ஆண்டிலேயே வரலாம். அப்படி உழைக்க வைப்பவருக்கு மேலே சொன்ன கணக்கு வேறு விடை தரும். ஆனால் அதிக உபயோகத்தை ஒப்பந்தம் விலக்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்போ எந்தப் பொருளுக்குமே எடுக்க வேண்டாம்னு சொல்றீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. கையில் எடுத்துக்கொண்டு திரியும் பொருளுக்கான விபத்துச் சேத ஒப்பந்தம், ஆளைப் பொறுத்து உண்மையிலேயே பயன்படும். அங்கே பழுதின் வாய்ப்பைத் தீர்மானிப்பது தொழிற்சாலை அன்று, உங்கள் கை; உங்கள் கையைப் பற்றி விற்பவரைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

ஒரு செல்போனின் விலை 100, டிஸ்பிளே மாற்ற 30 என்று வைப்போம். விபத்துச் சேதத்துக்கான ஓராண்டு ஒப்பந்தம் 12. ஒவ்வொரு கிளெய்முக்கும் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு 5. அப்படியானால் ஒப்பந்தம் மிச்சப்படுத்துவது 30 அன்று, 25தான். 12ஐ 25ஆல் வகுத்தால் 48 விழுக்காடு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை டிஸ்பிளே உடைபவருக்கு இது சரிக்குச் சரி. கடந்த மூன்று ஆண்டுகளில் இருமுறை உடைத்தவருக்கு லாபம், பத்தாண்டுகளில் ஒருமுறைகூட உடைக்காதவருக்கு வீண். மடக்கும் போனில் கணக்கே மாறும். டிஸ்பிளே 60, ஒப்பந்தம் 15, கைப்பங்கு 6 என்றால் மிச்சம் 54. தேவையான வாய்ப்பு 28 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஒரே பாகத்தின் விலை பொருளின் விலையில் பாதியைத் தாண்டும்போது ஒப்பந்தத்தைத் தீவிரமாகக் கருதலாம்.

வகுத்தல் எல்லாம் சரி, ஆனா பழுதானா அந்தப் பணத்தை ஒரே நாள்ல புரட்ட என்னால முடியாதே?

இது மிகவும் நியாயமான கேள்வி. வகுத்தல் இதற்குப் பதில் சொல்லாது. தாங்க முடியாத இழப்பைத் தவிர்க்கச் சராசரிக்கு மேல் சிறிது கூடுதலாகக் கொடுப்பது அறிவுடைய செயல்தான். எல்லாக் காப்பீடும் அதன்மேல்தான் நிற்கிறது. லேப்டாப் ஒன்றையே நம்பிப் பிழைப்பவருக்கு, அது நின்றால் வருமானமும் நிற்கும். அவர் கணக்கு விடைக்கு எதிராக ஒப்பந்தம் எடுத்தாலும் நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்வேன்: பழுதுபார்க்கும் நாட்களில் மாற்றுப் பொருள் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், அவர் அஞ்சும் இழப்பான வேலை நாட்களை அந்த ஒப்பந்தம் ஈடு செய்வதே இல்லை.

மற்ற பொருட்களுக்கு, கவுன்ட்டரில் வேண்டாம் என்று சொன்ன தொகையை அப்படியே தனிக் கணக்கில் போட்டு வருவது நல்ல மாற்று. ஒரே விலையுள்ள ஆறு சாதனங்களுக்குத் தலா 16 சேர்த்தால் 96. ஆறில் ஒன்று முழுவதுமாகக் கெட்டாலும் ஏறக்குறைய புதிதாகவே வாங்கிவிடலாம். எந்தச் சாதனத்துக்கும், எந்தக் காரணத்தால் வந்த பழுதுக்கும் அந்தப் பணம் உதவும். கிளெய்ம் மறுக்கப்படுவது என்ற பேச்சே இல்லை. சேமிப்பு சேரும் முன்பே, முதல் ஆண்டில் பழுது வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். முதல் ஆண்டில்தான் கம்பெனி வாரண்டி இருக்கிறதே.

எல்லாம் கவர் ஆகும்னு வாயால சொன்னாங்க. பிறகு ஏன் மறுக்கிறாங்க?

வாய்ச்சொல் ஒப்பந்தத்தில் சேராது. தாளில் உள்ள விலக்குகளே பேசும். நான் பார்த்த மறுப்புகளில் பெரும்பாலானவை சில காரணங்களுக்குள் அடங்கிவிடும். பேட்டரி, ஃபில்டர், ரப்பர் கேஸ்கெட் போன்றவை தேயும் பாகங்கள் என்று விலக்கப்படும். பழைய செல்போனில் முதலில் சோர்வது பேட்டரிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். மின்னழுத்த ஏற்றத்தால் போர்டு கருகினால், அது உற்பத்திக் குறை அன்று என்பார்கள். வெளி மெக்கானிக் திறந்த தடயம், வீட்டுப் பொருளைக் கடையிலோ விடுதியிலோ பயன்படுத்தியது, பில்லில் உள்ள சீரியல் எண் பொருளில் உள்ளதோடு ஒத்துப்போகாதது ஆகியவையும் அடிக்கடி வரும்.

கடைசியாகச் சொன்னது மிகவும் வருந்தத்தக்கது, ஏனெனில் அதில் வாங்கியவர் தவறு எதுவும் இல்லை. முதல் வாரத்திலேயே குறையுள்ள பொருளைக் கடை மாற்றித் தரும். புதிய பொருளின் எண்ணை ஒப்பந்தத்தில் மாற்றிப் பதிய எல்லோரும் மறந்துவிடுவார்கள். நான்காம் ஆண்டில் கிளெய்ம் வரும்போது, பதிவில் உள்ள பொருளே வேறு. பொருள் மாற்றப்பட்ட அன்றே, புதிய சீரியல் எண்ணோடு திருத்திய ஒப்பந்தத் தாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அறைகள் கொண்ட உறையில், பில்லின் நகலோடு வையுங்கள். வெப்பத்தால் அச்சாகும் பில்லின் எழுத்து சில ஆண்டுகளில் மங்கிவிடும் என்பதால் வாங்கிய அன்றே படம் எடுத்து வைப்பது நல்லது.

சரிசெய்ய முடியலைன்னா புதுசு குடுத்துடுவாங்கதானே?

பல ஒப்பந்தங்கள் அப்படிச் சொல்வதில்லை. ‘அன்றைய மதிப்பு’ என்ற சொல்லைத் தேடுங்கள். அது இருந்தால், வாங்கிய விலையிலிருந்து ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு தேய்மானம் கழித்த தொகையே கிடைக்கும். என் வீட்டிலேயே இது நடந்தது. தொலைக்காட்சியின் பேனலில் நான்காம் ஆண்டில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அந்தப் பேனல் இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். ஆண்டுக்கு 20 விழுக்காடு என்று மூன்று முழு ஆண்டுகளுக்குக் கழித்து, 40 கொடுத்தார்கள். அதுவும் பணமாக அன்று, அதே கடையில் மட்டும் செல்லும் கூப்பனாக. ஒப்பந்தத்துக்கு 15 கொடுத்திருந்தோம். ஆகவே கைக்கு மிஞ்சியது 25. பேனலைத் தவிர வேறு எதிலும் ஐந்தாண்டு வரை கோளாறு வராத அந்தத் தொலைக்காட்சிக்கு, கிளெய்ம் வெற்றி பெற்றபோதே கிடைத்தது இவ்வளவுதான்.

மேலே சொன்ன வகுத்தலில் மிச்சமாகும் தொகை என்று போட வேண்டியது இந்தத் தேய்மானம் கழித்த எண்ணைத்தான். பொருளுக்குப் பதிலாகப் புதிது கொடுத்துவிட்டால் மீதியுள்ள ஆண்டுகள் முடிந்ததாகக் கருதப்படும் என்ற விதியும் பல தாள்களில் உண்டு. புதிய பொருளுக்கு மறுபடியும் ஒப்பந்தம் விற்க அதே நாளில் வருவார்கள்.

வெளியில சர்வீஸ் பண்ணினா கம்பெனி வாரண்டியே போயிடும், அதனால இதை எடுங்கன்னு சொல்றாங்களே?

அந்த இரண்டுக்கும் தொடர்பில்லை. கம்பெனி வாரண்டிக் காலத்தில் பழுது வந்தால் கம்பெனியிடமே போவீர்கள். அதற்குக் கூடுதல் ஒப்பந்தம் வேண்டியதில்லை. மேலும் இந்த அச்சுறுத்தல் சில நாடுகளில் சட்டப்படியே செல்லாது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டப்படி, தன் பெயர் பொறித்த பாகத்தையோ தன் சர்வீஸையோ விலை கொடுத்துப் பயன்படுத்தினால்தான் வாரண்டி உண்டு என்று தயாரிப்பாளர் பொதுவாக நிபந்தனை விதிக்க முடியாது. வெளியில் செய்த வேலையால்தான் அந்தப் பழுது வந்தது என்றால் மறுக்கலாம். வெளியில் செய்தார் என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது.

ஆன்லைன்ல வாங்கினேன், நான் கேட்காமலேயே பில்லுல பிளான் சேர்ந்திருக்கு. என்ன பண்றது?

பணம் கட்டும் பக்கத்தில் டிக் ஏற்கெனவே போடப்பட்டிருந்திருக்கும், அல்லது ‘முதல் மாதம் இலவசம்’ என்ற வரியைத் தொட்டிருப்பீர்கள். உடனே ஆர்டர் விவரத்தைத் திறந்து, பிளானை மட்டும் ரத்து செய்யுங்கள். பொருளைத் திருப்பித் தராமலேயே இதைத் தனியாக ரத்து செய்யலாம். மாதந்தோறும் கழிக்கப்படும் வகை என்றால், கார்டில் கொடுத்த அனுமதியையும் நீக்க வேண்டும். மாதம் 1 என்று சிறிதாகத் தெரிவது நான்கு ஆண்டுகளில் 48 ஆகிவிடும். பாதிப் பொருளின் விலை.

வாங்கியபின் மனம் மாறி ரத்து செய்யவும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் சில நாட்கள் தரப்படும். பிரிட்டனில் வீட்டு மின்சாதனங்களுக்கான 2005ஆம் ஆண்டு ஆணை, கிளெய்ம் எதுவும் கேட்காதவருக்கு 45 நாட்களுக்குள் முழுப் பணத்தையும் திரும்பத் தரச் சொல்கிறது. ஒப்பந்த விலையைப் பொருளின் விலையோடு சேர்த்து வெளிப்படையாகக் காட்டவும் அது கடைகளைக் கட்டாயப்படுத்துகிறது. உங்கள் தாளில் எத்தனை நாள் என்று பார்த்து, அதற்குள் வீட்டில் நிதானமாகக் கணக்குப் போடுங்கள்.

பிளான் வித்த கடையே மூடிட்டா?

தாளின் முதல் பக்கத்தில், பொறுப்பை ஏற்பவர் யார் என்ற பெயரைப் பாருங்கள். அது ஒழுங்குமுறைக்கு உட்பட்ட காப்பீட்டு நிறுவனம் என்றாலோ, அத்தகைய நிறுவனம் பின்னால் நிற்பதாக எழுதியிருந்தாலோ, கடை மூடினாலும் உரிமை நிற்கும். கடையின் பெயர் மட்டுமே இருந்தால், கடையோடு அதுவும் போகும். கடன் கொடுத்தவர்களின் நீண்ட வரிசையில் நீங்களும் ஒருவராக நிற்க வேண்டிவரும்.

ஏற்கெனவே அஞ்சு வருஷத்துக்கு எடுத்துட்டேன். இப்போ ரத்து பண்றது புத்திசாலித்தனமா?

எவ்வளவு காலம் கடந்துவிட்டது என்பதைப் பொறுத்தது. கொடுத்த 16ஐ மறந்துவிடுங்கள். இன்று ரத்து செய்தால் திரும்பி வரும் தொகையே இன்றைய விலை. பல ஒப்பந்தங்கள் மீதி மாதங்களுக்கு ஏற்ப விகிதப்படி திருப்பித் தரும். அதே வாஷிங் மெஷினுக்குப் பத்தாம் மாதத்தில் ரத்து செய்தால் 60இல் 50 மாதங்கள் மீதி. ஏறத்தாழ 13 திரும்பும். நீங்கள் இழந்த 3க்கு இதுவரை எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை என்றாலும், 13ஐ 20ஆல் வகுத்தால் 65 விழுக்காடு. ரத்து செய்வதே நல்லது.

நாற்பதாம் மாதத்தில் கதை வேறு. 20 மாதங்கள் மீதி, திரும்புவது 5க்குச் சற்று மேல். ரத்துக் கட்டணம் 1 கழித்தால் 4 என்று வைக்கலாம். 4ஐ 20ஆல் வகுத்தால் 20 விழுக்காடு. மீதியிருப்பவை ஒப்பந்தத்தின் கடைசி மாதங்கள். மெஷினுக்கு வயது ஏறியிருக்கிறது. சுழலும்போது முன்பு இல்லாத இரைச்சல் கேட்கத் தொடங்கியிருந்தால் ரத்து செய்யாதீர்கள். மெஷின் நின்றுபோகும்வரை காத்திருக்காமல், ஒப்பந்தம் முடிய இரண்டு மாதங்கள் இருக்கும்போதே சர்வீஸ் ஆளை வரவழைத்து அந்த இரைச்சலைக் காட்டி, பார்த்ததற்கான வேலைச் சீட்டைத் தேதியோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.